படிக்கட்டில் விழுந்த இரண்டாவது அடி: பொது விதிவிலக்குகளும் ஒரு பிரச்சினை வினாவும்

இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவைத் தாளில் பொது விதிவிலக்குகள் பற்றி வரும் பிரச்சினை வினாவில் வழக்கமாக மூன்று பேர் வருவார்கள். ஒருவர் குடித்திருப்பார், ஒருவருக்கு மனநோய் இருக்கும், ஒருவர் தன்னைக் காக்க அடித்திருப்பார். சில வேளை இந்த மூன்றும் இரண்டு பேருக்குள்ளேயே அடங்கிவிடும். வினாவை வாசித்ததும் பலர் 77ஆம் பிரிவு, 78ஆம் பிரிவு, 89ஆம் பிரிவு என்று மனப்பாடம் செய்ததை வரிசையாகக் கொட்டிவிடுகிறார்கள். சட்டம் எல்லாம் சரியாகவே இருக்கும், ஆனால் யார் எந்தக் கணத்தில் என்ன செய்தார் என்ற கேள்வி தொடப்படாமலே கிடக்கும். புள்ளி போவது அங்கேதான்.

புதுக்கடைப் பக்கம் சட்டம் படிக்கும் எவருக்கும் பழக்கப்பட்ட பாணியில் ஒரு வினாவை எடுத்துக்கொண்டு, அதை மட்டும் முழுவதுமாகப் பார்ப்போம்.

> செல்வம் கொட்டாஞ்சேனையில் ஒரு தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் தம்பி மோகனுடன் வசிக்கிறார். அயல்வீட்டு ரவி நான்கு வருடங்களாக மனநோய்க்கு மருந்து எடுப்பவர். இரண்டு வாரமாக நிறுத்திவிட்டார். செல்வம் தன் சாப்பாட்டில் நஞ்சு கலப்பதாக அவர் நம்புகிறார். ஒரு சனிக்கிழமை இரவு 11 மணிக்கு, சாரத்துக்குள் மறைத்த கத்தியுடன் செல்வத்தின் கதவைத் தட்டுகிறார். கதவைத் திறந்த மோகனின் முன்கையில் வெட்டு விழுந்து எலும்பு முறிகிறது. பின்னேரத்திலிருந்து சாராயம் குடித்துக்கொண்டிருந்த செல்வம் ஒரு பொல்லை எடுத்து ரவியின் மணிக்கட்டில் அடிக்க, கத்தி படிக்கட்டில் விழுகிறது. ரவி படிக்கட்டால் இறங்குகிறார். செல்வம் பின்னால் போய் அவருடைய தலையில் அடிக்கிறார். ரவி குப்புற விழுகிறார். விழுந்து கிடந்தவரின் பிடரிப் பக்கம் செல்வம் இன்னொரு அடி அடிக்கிறார். மறுநாள் ரவி வைத்தியசாலையில் இறக்கிறார். இரண்டாவது அடியால் ஏற்பட்ட மண்டையோட்டு முறிவே மரணத்துக்குக் காரணம் என்று சட்ட வைத்திய அதிகாரி அறிக்கை தருகிறார். (அ) செல்வத்தின் பொறுப்பை ஆராய்க. (ஆ) ரவி உயிர் தப்பியிருந்தால், மோகனைக் காயப்படுத்தியதற்கு அவருடைய பொறுப்பு என்ன?

விடையின் முதல் பந்தியில் விதிவிலக்கு எதுவும் வரக்கூடாது. விதிவிலக்கு என்பது குற்றம் என்று ஒன்று நிற்கும்போது அதிலிருந்து விலக்குவது. ஆகவே முதலில் குற்றத்தை நிறுத்த வேண்டும். செல்வம் பொல்லால் தலையில் அடித்தார், அந்த அடியால் மரணம் நேர்ந்தது. சாதாரண போக்கில் மரணத்தை உண்டாக்கப் போதுமான உடற்காயத்தை ஏற்படுத்தும் நோக்கம் இருந்தது என்று, கொலை பற்றிய 294ஆம் பிரிவின் கீழ் வாதிடலாம். விழுந்து கிடந்தவரின் பிடரியைக் குறிபார்த்தது அந்த நோக்கத்துக்கான சான்று. இதை நான்கு வரியில் முடித்துவிடலாம். விடாமல் எழுதுவது முக்கியம், ஏனென்றால் குடிவெறி பற்றிய பகுதியில் இந்த ‘நோக்கம்’ என்ற சொல்லுக்கே திரும்பி வரவேண்டியிருக்கும்.

மூன்று அடிகள், மூன்று விடைகள்

செல்வம் மூன்று தடவை அடித்திருக்கிறார்: வாசலில் மணிக்கட்டில், படிக்கட்டில் தலையில், விழுந்த பிறகு பிடரியில். “செல்வத்துக்குத் தற்காப்புரிமை உண்டா” என்று மொத்தமாகக் கேட்டால் விடை கிடைக்காது. ஒவ்வொரு அடியும் தனி. தற்காப்புரிமை ஒரு ஆளுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும் உரிமை அல்ல. ஆபத்து என்ற நிலையோடு பிறந்து அதோடு அணையும் உரிமை.

வாசலில் அடித்த அடியில் சிக்கல் இல்லை. 90ஆம் பிரிவு ஒருவருக்குத் தன் உடலை மட்டுமல்ல, வேறு எவருடைய உடலையும் காக்கும் உரிமையைத் தருகிறது. மோகன் தம்பி என்பதால் அந்த உரிமை வரவில்லை, முன்பின் தெரியாதவராக இருந்தாலும் வந்திருக்கும். (உறவைப் பற்றி ஒரு பந்தி எழுதுபவர்கள் இருக்கிறார்கள், அந்த நேரம் வீண்.) மோகனின் எலும்பு ஏற்கெனவே முறிந்துவிட்டது, கத்தி இன்னும் ரவியின் கையில் இருக்கிறது. மரணமோ கடுங்காயமோ நேரும் என்ற நியாயமான அச்சத்தைத் தரும் தாக்குதலுக்கு எதிராக, தாக்குபவரின் மரணம் வரைகூட உரிமை நீள்கிறது என்கிறது 93ஆம் பிரிவு. மரணம் விளைவிக்கவே இடமிருந்த அந்தக் கணத்தில் செல்வம் மணிக்கட்டில் மட்டுமே அடித்தார். இந்த அளவான அடி பின்னர் குடிவெறி வாதத்துக்கு எதிராகத் திரும்பும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே பலர் தடுமாறும் ஒரு கேள்வி வரும். ரவிக்கு மனநோய். அவர் செய்தது ஒருவேளை சட்டப்படி குற்றமே இல்லை. குற்றம் இல்லாத செயலுக்கு எதிராகத் தற்காப்பு எப்படி வரும்? இதற்கென்றே 91ஆம் பிரிவு இருக்கிறது. இளம் வயது, சித்தசுவாதீனமின்மை, குடிவெறி, தவறான எண்ணம் போன்ற காரணத்தால் ஒரு செயல் குற்றமாகாமல் போனாலும், அது குற்றமாக இருந்திருந்தால் என்ன உரிமை இருந்திருக்குமோ அதே உரிமை எதிர்ப்பவருக்கு உண்டு. கத்தியைப் பிடித்திருப்பவரின் மனநிலையைச் சோதித்துப் பார்த்துவிட்டு அடிக்கும்படி சட்டம் யாரிடமும் கேட்கவில்லை. வினாவில் ரவியின் நோயை (அ) பகுதியிலேயே வைத்திருப்பது இந்த ஒரு பிரிவுக்காகத்தான். இதைச் சொல்லாமல் (ஆ) பகுதிக்குத் தாவினால் கேட்டவர் வைத்த கண்ணியில் விழுந்ததாகவே ஆகும்.

92ஆம் பிரிவின் எல்லைகளில் இங்கே இரண்டைத் தொட்டால் போதும். அரச அதிகாரிகளின் பாதுகாப்பை நாட நேரமிருந்தால் உரிமை இல்லை. 119க்கு அழைக்க அவகாசம் இருந்ததா? வெட்டு விழுந்த கையோடு தம்பி நிற்கும்போது இல்லை. இதே ரவி காலையில் வந்து “இரவுக்கு வருவேன்” என்று மிரட்டிவிட்டுப் போயிருந்தால், அந்த ஒரு வரி முழு விடையையும் ஆட்டிவிடும். இன்னொரு எல்லை, தேவைக்கு மேற்பட்ட தீங்கு செய்யக்கூடாது என்பது. அதைப் பொன் தராசில் நிறுத்துப் பார்க்க முடியாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. அடி வாங்கும் நேரத்தில் யாரும் அங்குலக் கணக்குப் பார்த்து அடிப்பதில்லை.

படிக்கட்டில் விழுந்த முதலாவது தலையடிதான் உண்மையில் சுவையான இடம். உடலைக் காக்கும் உரிமை, முயற்சியாலோ மிரட்டலாலோ ஆபத்து பற்றிய நியாயமான அச்சம் எழும்போது தொடங்கி, அந்த அச்சம் நீடிக்கும் வரை நீடிக்கும் என்று 95ஆம் பிரிவு சொல்கிறது. இனி வினாவை மறுபடி வாசியுங்கள்: “கத்தி படிக்கட்டில் விழுகிறது. ரவி படிக்கட்டால் இறங்குகிறார்.” ரவி தப்பி ஓடுகிறாரா, கத்தியை எடுக்கப் போகிறாரா? வினா அதைச் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. “ரவி ஓடிவிட்டார், ஆபத்து முடிந்தது” என்று எழுதினால் வினாவில் இல்லாத ஒரு உண்மையை நீங்களே சேர்த்துவிட்டீர்கள் என்று பொருள். “கத்தியை எடுக்கப் போனார்” என்று எழுதினாலும் அதே பிழை.

ஆகவே இரண்டு கிளையாகப் பிரிக்க வேண்டும். கத்தி ரவி இறங்கிய பக்கம், அவர் கைக்கு எட்டும் படியில் கிடந்திருந்தால், செல்வத்தின் அச்சம் நியாயமாகவே நீடித்தது. எடுத்துக்கொண்டு திரும்பினால் அடுத்த வெட்டு யாருக்கு என்று தெரியாது. அப்படியானால் முதல் தலையடியும் உரிமைக்குள் வரும். கத்தி செல்வத்தின் காலடியில் கிடந்து, ரவி வெறுங்கையோடு கீழே போனார் என்றால் அச்சம் முடிந்தது, உரிமையும் முடிந்தது. நடைமுறையில் இதை முடிவு செய்வது சிறிய சான்றுகள்தான்: பொலிஸ் எடுத்த படங்களில் கத்தி எந்தப் படியில் இருந்தது, படிக்கட்டு விளக்கு எரிந்ததா, கீழ்மாடிக்காரர் கதவைத் திறந்து பார்த்தபோது ரவியின் முகம் எந்தப் பக்கம் இருந்தது. வினாத்தாளில் இவை இருக்காது. ஆனால் எந்தச் சான்று இருந்தால் எந்தப் பக்கம் சாயும் என்று ஒரு வரியில் சொன்னால், சட்டத்தை வெறும் மனப்பாடமாகப் படிக்கவில்லை என்பது தெரிந்துவிடும்.

இரண்டாவது தலையடியில் கிளை எதுவும் இல்லை. கையில் கத்தி இல்லாமல் குப்புற விழுந்து கிடப்பவரிடமிருந்து என்ன ஆபத்து? காயம் பிடரிப் பக்கம் இருப்பதும் அதையே சொல்கிறது. வைத்திய அறிக்கையின்படி மரணம் இந்த அடியால் வந்தது. எனவே தற்காப்புக்கு 89ஆம் பிரிவு தரும் முழுமையான விடுதலை செல்வத்துக்கு இல்லை.

மீறியது அளவையா, நேரத்தையா?

இதற்குப் பிறகு பெரும்பாலானோர் எழுதுவது: “செல்வம் தற்காப்புரிமையை மீறிவிட்டார், ஆகவே 294ஆம் பிரிவின் 2ஆம் விதிவிலக்கு, ஆகவே கொலையல்லாத குற்றமுறையான மனிதக்கொலை.” இது பாதி வழிதான். அந்த விதிவிலக்கின் சொற்களைக் கவனியுங்கள். தற்காப்புரிமையை நல்லெண்ணத்துடன் பிரயோகிக்கும்போது, சட்டம் தந்த அதிகாரத்தை மீறி, முன்கூட்டிய திட்டமின்றி, தற்காப்புக்குத் தேவையானதை விட அதிக தீங்கு செய்யும் நோக்கமின்றி மரணத்தை விளைவித்திருக்க வேண்டும். அதாவது மீறுவதற்கு முதலில் ஓர் உரிமை உயிரோடு இருக்க வேண்டும். வெறுங்கையால் அடிக்க வந்தவரைப் பொல்லால் அடித்துக் கொன்றால் மீறப்பட்டது அளவு. உரிமை அணைந்த பிறகு அடித்தால் மீறுவதற்கே ஒன்றும் இல்லை. அது வெறும் தாக்குதல்.

செல்வத்தின் இரண்டாவது அடி எந்த வகை? முதல் தலையடி உரிமைக்குள் இருந்தது என்ற கிளையில் போனால், இரண்டாவது அடி அதே மூச்சில், ஓரிரு விநாடிக்குள், ஒரே செயலின் தொடர்ச்சியாக விழுந்தது என்று எதிரித்தரப்பு, அதாவது குற்றஞ்சாட்டப்பட்ட செல்வத்தின் தரப்பு, வாதிடலாம். விழுந்தவர் மறுபடி எழுவார் என்று நினைத்தார், கையை நிறுத்த முடியவில்லை என்று சொன்னால் 2ஆம் விதிவிலக்குக்கு உயிர் இருக்கிறது. உரிமை வாசலிலேயே முடிந்துவிட்டது என்ற கிளையில் போனால் 2ஆம் விதிவிலக்கு கிடையாது. அப்போதும் செல்வம் முற்றாகக் கைவிடப்பட்டவர் அல்ல. தம்பியின் கை கண்முன்னே வெட்டப்பட்டது கடுமையான, திடீரென வந்த ஆத்திரமூட்டல். 1ஆம் விதிவிலக்கு அவருக்காகக் காத்திருக்கிறது. ஆத்திரம் தணிய அவகாசம் இருந்ததா என்று பார்த்தால், ஒரு மாடிப் படிக்கட்டு இறங்கும் நேரம்தான் இருந்தது. இதுவே அவருக்கு வலுவான வாதம் என்பது என் எண்ணம். விடைகளில் மிகக் குறைவாக எழுதப்படுவதும் இதுதான். பொது விதிவிலக்குகள் பற்றிய வினா என்று தலைப்பைப் பார்த்தவுடன் 294இன் விசேட விதிவிலக்குகளை மறந்துவிடுகிறார்கள்.

வேறுபாடு சிறியதல்ல. கொலை என்றால் 296ஆம் பிரிவின் கீழ் மரண தண்டனை. இலங்கையில் 1976க்குப் பிறகு அது நிறைவேற்றப்படவில்லை என்றாலும் தீர்ப்பில் அதுவே வரும். கொலையாகாத மனிதக்கொலை என்றால் 297ஆம் பிரிவின் கீழ் சிறைத்தண்டனை. நோக்கம் இருந்தால் 20 வருடம் வரை, மரணம் நேரலாம் என்ற அறிவு மட்டும் இருந்தால் 10 வருடம் வரை. பொது விதிவிலக்கு எதிரியை முற்றாக விடுவிக்கிறது, விசேட விதிவிலக்கு குற்றத்தின் படியைக் குறைக்கிறது. இரண்டையும் கலந்து “தற்காப்பை மீறியதால் விடுதலை” என்று எழுதினால் அந்தப் பந்தியே செல்லாது.

சாராயம் செல்வத்துக்கு என்ன செய்யும்?

78ஆம் பிரிவை ஒரே வாக்கியத்தில் தள்ளிவிடலாம். வெறி தந்த பொருள் அவருக்குத் தெரியாமலோ விருப்பத்துக்கு மாறாகவோ கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். செல்வம் தானே ஊற்றிக் குடித்தார். வினா மாறி, “நண்பர்கள் வற்புறுத்தியதால் குடித்தார்” என்று வந்தாலும் விடை மாறாது. வற்புறுத்தலுக்கு இணங்கிக் குடிப்பது விருப்பத்துக்கு மாறானது ஆகாது. சோடாவுக்குள் யாரோ மாத்திரை கரைத்துவிட்டார்கள் என்று வந்தால்தான் பிரிவு திறக்கும். அப்போதும் தெரியாமல் குடித்தது மட்டும் போதாது. செயலின் தன்மையை, அல்லது அது தவறு, சட்டவிரோதம் என்பதை அறிய முடியாத நிலையும் இருந்திருக்க வேண்டும். இரண்டாவது பாதியை எழுத மறப்பது பொதுவான பிழை.

கனமான பிரிவு 79தான். குறிப்பிட்ட ஒரு அறிவோடு அல்லது நோக்கத்தோடு செய்தால் மட்டுமே குற்றமாகும் செயலை வெறியில் ஒருவர் செய்தால், வெறி இல்லாதிருந்தால் அவருக்கு என்ன அறிவு இருந்திருக்குமோ அதே அறிவு இருந்ததாகக் கொண்டு அவரை நடத்த வேண்டும். வாக்கியத்தின் முன்பாதியில் அறிவும் நோக்கமும் இருக்கின்றன. பின்பாதியில் அறிவு மட்டுமே இருக்கிறது. நோக்கத்தைப் பற்றிப் பிரிவு வாய் திறக்கவில்லை. இந்த இடைவெளியைத்தான் வேலாய்தன் வழக்கு, 1947, 48 புதிய சட்ட அறிக்கை 409, நிரப்பியது. நோக்கத்தைச் சட்டம் தானாக ஏற்றிச் சொல்லாது. அந்த நோக்கத்தை உருவாக்கவே முடியாத அளவு வெறி இருந்தது என்று காட்டினால், நோக்கத்தில் தங்கும் கொலைக்குற்றம் நிற்காது. ஆனால் அறிவு ஏற்றப்படும், எனவே மனிதக்கொலையிலிருந்து தப்ப முடியாது. இந்தியாவின் உச்ச நீதிமன்றமும் 1956இல் பாஸ்தேவ் வழக்கில் தங்கள் 86ஆம் பிரிவை ஏறத்தாழ இதே வழியில்தான் வாசித்தது.

செல்வத்துக்கு இது உதவுமா? உதவாது என்பதே என் தீர்மானம். குடித்திருந்தார் என்பதற்கும் நோக்கம் உருவாக்க முடியாத நிலையில் இருந்தார் என்பதற்கும் இடையே பெரிய தூரம். குடியால் கோபம் சட்டென்று வந்தது, கட்டுப்பாடு தளர்ந்தது என்பதெல்லாம் போதாது. அவர் பொல்லை எடுத்தார், கத்தி பிடித்த கையின் மணிக்கட்டைச் சரியாகக் குறிபார்த்தார், இரவில் படிக்கட்டால் இறங்கினார், தலையைக் குறிவைத்தார். ஒவ்வொன்றும் வேலை செய்யும் மூளையின் அடையாளம். எவ்வளவு குடித்தார் என்ற போத்தல் கணக்கை விட, குடித்த பின் என்ன செய்தார் என்பதே நல்ல சான்று.

இன்னொரு சிக்கல் இருக்கிறது. செல்வம் வெறியில் ஆபத்தைப் பெரிதாகக் கண்டிருந்தால்? விழுந்து கிடந்தவர் எழுந்து வருவது போல் தெரிந்தது என்று சொன்னால்? 93, 95 இரண்டும் கேட்பது நியாயமான அச்சம். அது குடிக்காத ஒருவர் அந்த இடத்தில் நின்றிருந்தால் எழுந்திருக்கக்கூடிய அச்சம். சாராயம் பெரிதாக்கிய அச்சத்தை நியாயமானது என்று சொல்ல முடியாது. தவறான எண்ணம் பற்றிய 72ஆம் பிரிவின் பக்கம் போனாலும் அங்கே நல்லெண்ணம் தேவை. நல்லெண்ணத்துக்குச் சட்டக்கோவை தரும் பொருளில் உரிய கவனம் அடங்கும். தானே குடித்த வெறியும் உரிய கவனமும் ஒன்றாகப் போகா.

நிரூபிக்கும் சுமை

இங்கிலாந்துப் பாடநூல்களை வைத்துப் படிப்பவர்கள் சறுக்கும் இடம் இது. அங்கே 1935ஆம் ஆண்டின் வுல்மிங்டன் தீர்ப்புக்குப் பிறகு, தற்காப்பு பற்றிய பேச்சைச் சான்றில் எழுப்பிவிட்டால், அதை உடைக்கும் சுமை வழக்குத்தொடுநருக்கு. இங்கே சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 105ஆம் பிரிவு, விதிவிலக்குக்குள் கொண்டுவரும் சூழ்நிலைகளை நிரூபிக்கும் சுமையை எதிரியின் மேல் வைக்கிறது. அவை இல்லை என்றே நீதிமன்றம் ஊகிக்க வேண்டும் என்கிறது. 1942இல் ஜேம்ஸ் சந்திரசேகரா வழக்கில் நமது குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை நிகழ்தகவின் சமநிலை என்ற அளவில் வைத்தது. இங்கிலாந்து முறையை இங்கே இறக்க முடியுமா என்ற கேள்வி பிரிவி கவுன்சில் வரை போனது. தற்காப்பு எதிர்வாதமாக இருந்த ஜயசேன வழக்கில், 72 புதிய சட்ட அறிக்கை 313, டெவ்லின் பிரபு முடியாது என்றார்.

எனவே செல்வம் ஒரு சந்தேகத்தை எழுப்பினால் போதாது. படிக்கட்டில் ஆபத்து தொடர்ந்தது என்பதே அதிகம் சாத்தியம் என்று காட்ட வேண்டும். மேலே இரண்டு கிளையாகப் பிரித்தோமே, தராசு சரிபாதியில் நின்றால் எந்தக் கிளை வெல்லும் என்ற கேள்விக்கு இப்போது விடை கிடைக்கிறது: எதிரிக்கு எதிரான கிளை. அதற்காக அவர் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்லியே ஆகவேண்டும் என்பதில்லை. அரச தரப்புச் சாட்சியான கீழ்மாடிக்காரரின் வாயிலிருந்தே, குறுக்கு விசாரணையில், தேவையானது வரலாம்.

இன்னொரு சின்ன எச்சரிக்கை. இணையத்தில் கிடைக்கும் தமிழ் விளக்கங்களில் பெரும்பகுதி இந்தியச் சட்டத்துக்கானது. அவர்களுடைய பழைய கோவையில் மனநோய் 84, குடிவெறி 85, 86, தற்காப்பு 96 முதல் 106 வரை. 2024 ஜூலை 1 முதல் அந்தக் கோவையே மாறி எண்களும் மாறிவிட்டன. கருத்து நெருங்கிய உறவுதான், எண்ணை அப்படியே எடுத்து எழுதினால் மானம் போகும்.

ரவி பிழைத்திருந்தால்

(ஆ) பகுதியில் குற்றம் 317ஆம் பிரிவு: ஆபத்தான ஆயுதத்தால் கடுங்காயம் விளைவித்தல். எலும்பு முறிவு கடுங்காயமே. வெட்ட நினைத்தது செல்வத்தை, வெட்டு விழுந்தது மோகனுக்கு என்று ஒரு பந்தி எழுதலாம். ஆனால் வினாவின் உயிர் 77இல் இருக்கிறது.

வைத்தியர் தரும் நோயின் பெயர் 77ஆம் பிரிவுக்கு விடையல்ல. பிரிவு கேட்பது: செயலைச் செய்த வேளையில், சித்தசுவாதீனமின்மை காரணமாக, செயலின் தன்மையை அறிய முடியாதிருந்தாரா, அல்லது தான் செய்வது தவறு அல்லது சட்டத்துக்கு முரண் என்பதை அறிய முடியாதிருந்தாரா? நான்கு வருட சிகிச்சை நோயைக் காட்டுகிறது, இரண்டு வாரம் மருந்து நிறுத்தியது நோய் திரும்பியிருக்கக்கூடும் என்பதைக் காட்டுகிறது. இரண்டும் அந்தச் சனிக்கிழமை இரவு 11 மணியைத் தொடவில்லை. சில வாரங்களுக்குப் பிறகு பரிசோதித்த மனநல வைத்தியரின் கருத்தும் பின்னோக்கிய ஊகமே. கிளினிக் கொப்பி, கடைசியாக மருந்து வாங்கிய திகதி, முதல்நாள் அவரோடு பேசிய வீட்டாரின் சாட்சியம், இவற்றால்தான் இடைவெளியை நிரப்ப வேண்டும்.

முதல் பகுதி ரவிக்குப் பொருந்தாது. ஒரு மனிதனைக் கத்தியால் வெட்டுகிறேன் என்று அவருக்குத் தெரிந்தது. கையில் இருப்பது கத்தியல்ல, எதிரே நிற்பது மனிதனல்ல என்று நினைத்திருந்தால்தான் அது திறக்கும். இரண்டாவது பகுதியில் அவருடைய நம்பிக்கையைச் சோதித்துப் பாருங்கள். செல்வம் நஞ்சு கலக்கிறார் என்பது மெய்யாகவே இருந்தாலும், இரவில் போய் வெட்டச் சட்டம் அனுமதிக்குமா? அனுமதிக்காது, பொலிஸுக்குப் போகலாம், சாப்பிடாமல் விடலாம். ஆகவே நம்பிக்கை பொய் என்பது மட்டும் அவரைக் காப்பாற்றாது. அந்த நம்பிக்கை, தவறு எது என்று பிரித்தறியும் திறனையே தின்றுவிட்டதா என்பதே கேள்வி.

இதற்கு வினாவில் இரண்டு துப்பு இருக்கின்றன: கத்தியைச் சாரத்துக்குள் மறைத்தார், அடி விழுந்ததும் இறங்கினார். மறைப்பவருக்கு மறைக்க வேண்டிய காரியம் இது என்று தெரிந்திருக்கிறது. இவை அவருக்கு எதிரானவை. வினா வேறு விதமாக இருந்து, ரவி கத்தியை வெளிப்படையாகப் பிடித்துக்கொண்டு வந்து, வெட்டிய பின் அங்கேயே நின்று, “நஞ்சை நிறுத்திவிட்டேன், இனி எல்லாரும் பயமில்லாமல் சாப்பிடலாம்” என்று அயலவருக்குச் சொல்லியிருந்தால், விடை மறுபக்கம் சாய்ந்திருக்கும். தரப்பட்ட உண்மைகளில் 77 நிறைவேறுவது கடினம் என்று முடிவெடுத்து, சுமை மறுபடி 105ஆம் பிரிவின் கீழ் எதிரித்தரப்பிலேயே இருப்பதைச் சொல்ல வேண்டும். அடி விழுந்து கையில் வலி எடுத்ததால்தான் இறங்கினார் என்ற எதிர்வாதத்தையும் ஒரு வரியில் வைக்கலாம். மறைத்து வந்ததற்கு அப்படி ஒரு விளக்கம் எளிதில் வராது.

வழக்கு விளங்கும் வேளையில் ரவி தன்னைப் பாதுகாத்துக்கொள்ளும் நிலையில் இருக்கிறாரா என்பது இதிலிருந்து வேறான கேள்வி. அது வழக்கு நாளின் மனநிலை. இல்லை என்று கண்டால் விசாரணை நிற்கும், குற்றம் செய்தாரா என்ற தீர்ப்பு வராது. 77 கேட்பது சம்பவ நாளின் மனநிலை. ஒரே வைத்திய அறிக்கை இரண்டுக்கும் போதும் என்று நினைத்து எழுதப்படும் விடைகள் உண்டு.

கடைசியாக, 77 வெற்றி பெற்றாலும் “ரவி வீட்டுக்குப் போகலாம்” என்று எழுதிவிடாதீர்கள். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின்படி, செயலை அவர் செய்தாரா இல்லையா என்பதை நீதிமன்றம் தனியாகப் பதிய வேண்டும். செய்தார், ஆனால் சித்தசுவாதீனம் இருக்கவில்லை என்று கண்டால், அவரைப் பாதுகாப்பான காவலில் வைக்கக் கட்டளையிடும். கொழும்பில் அப்படிப்பட்டவர்களைப் பொதுவாக அங்கொடைத் தேசிய மனநல நிறுவகத்தின் தடயவியல் உளமருத்துவப் பிரிவில் காணலாம்.